மலைச்சாய்விலிருந்து ஒரு கேள்வி: கலாநிதி ஆய்வுக் கூற்றை அமைக்கும் முறை

கலாநிதிப் பட்டத்துக்கு விண்ணப்பிக்கும்போது கேட்கப்படும் ஆய்வுக் கூற்றைப் பற்றி மலையகத்து மாணவர்களிடையே பலவிதமான எண்ணங்கள் உலவுகின்றன. லயத்தில் பிறந்து படித்து மேலே வந்த கதையை உருக்கமாக எழுதினால் இடம் கிடைத்துவிடும் என்று சிலர் நம்புகிறார்கள். பட்டப் பெறுபேறுகளையும் சான்றிதழ்களையும் வசனமாக்கி அடுக்கினால் போதும் என்று வேறு சிலர் நினைக்கிறார்கள். நான்கு ஆண்டுகளுக்கான முழுத் திட்டத்தையும் இப்போதே வரைந்து முடிக்க வேண்டும் என்று அஞ்சி, விண்ணப்பிப்பதையே அடுத்த ஆண்டுக்குத் தள்ளிப்போடுகிறவர்களும் இருக்கிறார்கள். அந்த ஆவணத்தை யார், எதற்காகப் படிக்கிறார்கள் என்பது தெரியாததால்தான் இந்த எண்ணங்கள் தோன்றுகின்றன.

விஞ்ஞானத் துறைகளில், ஒரு பேராசிரியரின் ஆய்வுகூடத்தில் சேர்ந்து செய்யும் கலாநிதி ஆய்வை மட்டுமே இங்கே எடுத்துக்கொள்கிறேன். பேராதனையில் புவிச்சரிதவியல் படித்து முடித்து, தேயிலைத் தோட்டங்களில் நிகழும் மண்சரிவுகளைப் பற்றி வெளிநாட்டில் ஆராய விரும்பும் ஒரு மாணவியைக் கற்பனை செய்துகொள்வோம். அவருடைய கூற்று உருவாகும் விதத்தைப் பின்தொடர்ந்தால், அதன் அமைப்பு தானாகவே விளங்கும்.

இது எந்த ஆவணம்?

ஆய்வுக் கூற்று என்பது, விண்ணப்பதாரர் எந்தக் கேள்வியை ஆராய விரும்புகிறார், அதற்கு அவரிடம் என்ன ஆயத்தம் இருக்கிறது, அதை ஏன் இந்த ஆய்வுகூடத்தில் செய்ய வேண்டும் என்பவற்றைப் பெரும்பாலும் இரண்டு பக்கங்களுக்குள் சொல்லும் கட்டுரை. பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் இதன் பெயரும் அளவும் மாறும். அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் இது பெரும்பாலும் நோக்கக் கூற்று என்ற பெயரில் கேட்கப்படுகிறது; பல பேராசிரியர்கள் அடங்கிய தெரிவுக்குழு அதைப் படிக்கிறது. பிரித்தானியாவிலும் அவுஸ்திரேலியாவிலும் மேற்பார்வையாளராக வரக்கூடியவரின் சம்மதம் பெரும்பாலும் முதலிலேயே தேவைப்படுவதால், அந்த ஒருவரின் கண்ணே இதில் முதலில் விழுகிறது. மேற்பார்வையாளர் என்பவர் மாணவரின் ஆய்வை ஆரம்பம் முதல் ஆய்வேடு ஒப்படைக்கும் வரை நெறிப்படுத்தும் பேராசிரியர் அல்லது விரிவுரையாளர்.

ஆய்வு முன்மொழிவு என்று ஒன்று தனியாக உண்டு. முறையியல், கால அட்டவணை, செலவு ஆகியவற்றை விரிவாகச் சொல்வது அதன் வேலை. சில இடங்களில் இரண்டையும் கேட்பார்கள். முன்மொழிவைச் சுருக்கினால் ஆய்வுக் கூற்று கிடைத்துவிடாது. ஏனென்றால் முன்மொழிவில் ஆய்வே நாயகன், கூற்றில் ஆய்வையும் ஆய்வாளரையும் ஆய்வுகூடத்தையும் இணைக்கும் நியாயமே நாயகன். கூற்றில் எழுதும் கேள்வி ஓர் ஒப்பந்தமும் அன்று. முதலாம் ஆண்டிலேயே கேள்வி மாறிவிடுவது சாதாரணம். அது எல்லா மேற்பார்வையாளர்களுக்கும் தெரியும். ஒரு கேள்வியை இவரால் ஒழுங்காக அமைக்க முடிகிறதா என்பதையே அவர்கள் பார்க்கிறார்கள்.

படிப்பவருக்கு என்ன தெரிய வேண்டியிருக்கிறது?

நுவரெலியாப் பக்கத்தில் மரக்கறிச் செய்கைக்கு நிலத்தைக் குத்தகைக்குக் கேட்டுப் போகிறவரிடம் நிலச் சொந்தக்காரர் கேட்பவற்றை நினைத்துப் பாருங்கள். என்ன போடப் போகிறாய், லீக்ஸா உருளைக்கிழங்கா? இதற்கு முன் எங்கே செய்தாய்? அக்கம்பக்கத்தில் வேறு நிலம் இருக்க, என் நிலத்தை ஏன் கேட்கிறாய்? மூன்றாவது கேள்விக்கு, ஓடை அருகில் இருக்கிறது, காலை வெயில் படுகிறது என்று நிலத்தைப் பார்த்துவிட்டு வந்தவர்தான் பதில் சொல்ல முடியும். நிலம் அவருடையது, தப்பான பயிர் போட்டு மண் கெட்டால் நட்டமும் அவருக்கே. அதனால்தான் கேட்கிறார்.

மேற்பார்வையாளரின் நிலையும் இதுவே. விஞ்ஞான ஆய்வுகூடம் ஒன்றில் ஒரு மாணவரைச் சேர்ப்பதென்றால் மூன்று அல்லது நான்கு ஆண்டுகளுக்கு, அமெரிக்காவில் ஐந்து ஆண்டுகளுக்கும் மேலாக, அந்த மாணவருக்கு நேரத்தையும் கருவிகளையும் ஒதுக்க வேண்டும். மாணவரின் உதவித்தொகை பல சமயங்களில் பேராசிரியர் வென்றெடுத்த ஆய்வு மானியத்திலிருந்தே வருகிறது. ஆய்வு மானியம் என்பது குறிப்பிட்ட ஓர் ஆய்வுத் திட்டத்துக்காக, குறிப்பிட்ட காலத்துக்கு ஒரு நிதி அமைப்பு வழங்கும் பணம். அதை விரும்பிய திசையில் செலவிட முடியாது. எனவே மாணவரின் கேள்வி அந்தத் திட்டத்துக்குள்ளோ அதன் பக்கத்திலோ இருக்கிறதா என்று பார்ப்பது பேராசிரியருக்குத் தவிர்க்க முடியாதது. மிகச் சிறந்த பெறுபேறுகளுடன் வரும் விண்ணப்பம் சில வேளைகளில் மறுக்கப்படுவதற்கும் இதுவே காரணம்.

சுருக்கமாக: கூற்றைப் படிப்பவர் கேள்வி, பயிற்சி, பொருத்தம் என்ற மூன்றையும் தேடுகிறார். அவற்றுள் கேள்வியே முதலில் வர வேண்டும். மற்ற இரண்டும் அதை வைத்தே அளக்கப்படுகின்றன.

தலைப்பிலிருந்து கேள்விக்கு

நம் மாணவி முதலில் எழுதுவது அநேகமாக இப்படி இருக்கும்: “இலங்கையின் மலையகத்தில் ஏற்படும் மண்சரிவுகளைப் பற்றி ஆராய விரும்புகிறேன்.” இது ஒரு தலைப்பு. பத்துப் பேர் வாழ்நாள் முழுவதும் வேலை செய்தாலும் தீராத தலைப்பு. அடுத்த முயற்சியில், “மலையகத்தில் மண்சரிவுகள் ஏன் ஏற்படுகின்றன?” என்று வினாக்குறி சேர்ப்பார். வினாக்குறி சேர்ந்ததே தவிர, ஆராயத்தக்க கேள்வி பிறக்கவில்லை. பொதுவான பதில் ஏற்கெனவே தெரிந்ததுதான்.

அந்தப் பதிலை எளிமையாகப் பார்த்துவிடுவோம், ஏனென்றால் கேள்வி அதற்குள்ளிருந்துதான் வர வேண்டும். ஈரம் குறைவாக உள்ள மண்ணில், துகள்களுக்கிடையே ஒட்டியிருக்கும் சிறிதளவு நீர் அவற்றை ஒன்றையொன்று நோக்கி இழுத்துப் பிடிக்கிறது. மழை நீர் உள்ளே இறங்க இறங்க இந்த இழுவை குறைகிறது. இடைவெளிகள் முழுவதும் நிரம்பிய பின் அந்த நீர் துகள்களைத் தள்ளத் தொடங்குகிறது. இத்தள்ளலைத் துளைநீரழுத்தம் என்கிறோம். அது உயரும்போது துகள்களுக்கிடையிலான உராய்வுப் பிடி தளர்கிறது. சாய்வு தன் பாரத்தையே தாங்க முடியாமல் நழுவுகிறது. இவ்வளவும் பாடநூலில் உள்ளது.

இனி, பாடநூலில் இல்லாதது எங்கே இருக்கிறது என்று தேட வேண்டும். மண்சரிவு எச்சரிக்கை விடுக்கும் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 24 மணி நேர மழையை அளவுகோலாகக் கொண்டு, 75, 100, 150 மில்லிமீற்றர் என்ற மூன்று படிகளைப் பயன்படுத்துகிறது. மூன்றாவது படியில் மக்கள் வெளியேற வேண்டும். இது பரந்த நிலப்பரப்புக்கான அளவு. ஆனால் ஒரே தோட்டத்துக்குள், ஒரே மழையில், ஒரு மலை நிற்கிறது, பக்கத்து மலை இறங்குகிறது. இந்த வேறுபாடு எதனால்?

இங்கேதான் தோட்டத்தை அறிந்தவருக்கு ஒன்று தென்படும். தேயிலை மலைகளில் சாய்வுக்குக் குறுக்காகப் பக்கக் கான்களும், அவற்றிலிருந்து வரும் நீரை இறக்கிவிட மேலிருந்து கீழாகப் பெரிய கான்களும் வெட்டப்பட்டிருக்கும். மழை நீர் மண்ணை அரித்துச் செல்லாமல் ஒழுங்காக இறங்குவதற்கான ஏற்பாடு அது. தொழிலாளர் தொகை குறைந்த தோட்டங்களில் இருக்கும் ஆட்கள் கொழுந்துக்கே போதாமல் போக, கான் வெட்டும் வேலை பின்தள்ளப்படுகிறது. கான் மண்ணால் அடைபடுகிறது. அடைபட்ட கானில் நீர் தேங்குகிறது. தேங்கிய நீர் ஓடுவதற்குப் பதிலாக உள்ளே இறங்குகிறது. அப்படியானால் கைவிடப்பட்ட மலைதான் ஆபத்தானது என்று உடனே எழுதிவிடத் தோன்றும். ஆனால் மறுபக்கமும் உண்டு: கவ்வாத்து வெட்டாமல் விட்ட தேயிலை மரமாக வளர்கிறது, இடையில் வேறு மரங்களும் முளைக்கின்றன, வேர்கள் மண்ணைப் பிணைக்கின்றன, இலைகள் வழியே மண்ணின் நீரை வெளியேற்றுகின்றன. இரண்டு விளைவுகளில் எது மேலோங்கும் என்பதை அளந்து பார்க்காமல் சொல்ல முடியாது.

இப்போது கேள்வியை எழுதலாம்: “பராமரிப்பு நின்றுபோன தேயிலைச் சாய்வில், ஒரே அளவு மழைக்கு, துளைநீரழுத்தம் பராமரிக்கப்படும் சாய்வைவிட வேகமாக உயர்கிறதா, ஆம் எனில் அதில் அடைபட்ட கான்களின் பங்கு எவ்வளவு, வேர்களின் பங்கு எவ்வளவு?”

இதற்கும் முதல் வாக்கியத்துக்கும் உள்ள வேறுபாட்டைக் கவனியுங்கள். இதன் பதில் ‘ஆம்’ ஆகவும் இருக்கலாம், ‘இல்லை’ ஆகவும் இருக்கலாம். எது வந்தாலும் அது ஒரு கண்டுபிடிப்பே. எதை அளக்க வேண்டும் என்பது கேள்வியிலேயே இருக்கிறது: மழை, மண்ணின் ஈர இழுவை, துளைநீரழுத்தம். எதை எதனோடு ஒப்பிட வேண்டும் என்பதும் இருக்கிறது: மண்ணும் சாய்வும் ஒத்த, பராமரிப்பு மட்டும் வேறுபட்ட இரண்டு மலைகள். தென்மேல் பருவக்காற்று மே முதல் செப்தெம்பர் வரை அற்றன், மஸ்கெலியாப் பக்கத்தை நனைக்கிறது. பதுளை, கொஸ்லந்தைப் பக்கத்துக்கு ஒக்டோபரிலிருந்து பெப்ரவரி வரையான மழையே முக்கியம். கொஸ்லந்தை மீரியபெத்தையில் 2014 ஒக்டோபர் 29 ஆம் திகதி நடந்த மண்சரிவும் அந்தப் பருவத்தில்தான் வந்தது. எனவே எந்தப் பக்கத்து மலையைத் தேர்ந்தாலும் குறைந்தது இரண்டு மழைப் பருவங்கள் கருவிகள் நிலத்தில் இருக்க வேண்டும் என்பது தெளிவாகிறது; ஒரு கலாநிதி ஆய்வின் காலத்துக்குள் அது அடங்கும்.

கேள்வி சரியாக அமைந்ததா என்பதை ஒரு சோதனையால் அறியலாம். உங்கள் எதிர்பார்ப்பைப் பொய்யாக்கக்கூடிய அளவீடு எது என்று ஒரு வாக்கியத்தில் எழுதிப் பாருங்கள். எழுத முடியாவிட்டால் கையில் இருப்பது இன்னும் தலைப்பு, அல்லது ஒரு நம்பிக்கை. நம் மாணவிக்கு அந்த வாக்கியம் எளிது: “ஒரே மழைக்குப் பின் இரண்டு மலைகளிலும் அழுத்தம் ஒரே வேகத்தில் உயர்ந்தால், பராமரிப்பு நின்ற மலையில் அது வேகமாக உயரும் என்ற என் ஊகம் தவறு.”

இதுவரை பார்த்தது: அறிந்த பொறிமுறை, அதனால் விளக்கப்படாத ஒரு வேறுபாடு, எதிரெதிரான இரண்டு விளக்கங்கள், அவற்றைப் பிரித்தறியும் அளவீடு. கூற்றின் முதல் அரைப் பக்கத்திலிருந்து முக்கால் பக்கம் வரை இந்த வரிசைக்கே உரியது.

பயிற்சி: செய்தவை எந்தப் பகுதிக்கு உதவுகின்றன?

அடுத்து வருவது முன்பயிற்சி. தன்விபரக் கோவையும் பெறுபேற்றுப் பத்திரமும் தனியாக அனுப்பப்படுகின்றன. எனவே அவற்றில் உள்ளதைத் திரும்பச் சொல்வது கிடைத்த இரண்டு பக்கங்களை வீணாக்குவதாகும். பயிற்சிப் பகுதியின் ஒவ்வொரு வாக்கியமும் முன்பு எழுதிய கேள்வியின் ஏதோ ஒரு பகுதியைத் தொட வேண்டும். தொடாதது எவ்வளவு பெருமைக்குரியதாக இருந்தாலும் இங்கே இடமில்லை. விவாதப் போட்டியில் பெற்ற பதக்கம் தன்விபரக் கோவையில் இருக்கட்டும்.

நம் மாணவி இறுதியாண்டு ஆய்வில் தேயிலை மண்ணில் நீர் இறங்கும் வேகத்தை இரட்டை வளைய முறையால் அளந்தார் என்று வைத்துக்கொள்வோம். ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு இரும்பு வளையங்களை மண்ணில் அடித்து இறக்கி, இரண்டிலும் நீர் ஊற்றி, உள்வளையத்தில் நீர் மட்டம் தாழும் வேகத்தைக் குறிப்பது அம்முறை. வெளிவளையத்து நீர், உள்ளிருக்கும் நீர் பக்கவாட்டில் கசிந்து போகாமல் காக்கிறது. இதை அவர் கூற்றில் இரண்டு விதமாக எழுதலாம்.

முதல் விதம்: “இறுதியாண்டு ஆய்வின்போது மண்ணில் நீர் இறங்கும் வேகத்தை அளக்கும் முறைகளில் சிறந்த அனுபவம் பெற்றேன். இந்த ஆய்வுக்கு உயர் சித்தி கிடைத்தது.”

இரண்டாவது விதம்: “தேயிலைச் சாய்வில் 12 இடங்களில் நீர் இறங்கும் வேகத்தை இரட்டை வளைய முறையால் அளந்தேன். சாய்வு செங்குத்தாக இருந்த இடங்களில் வளையம் மட்டமாக அமராததால் சிறு படி வெட்ட வேண்டியிருந்தது. அந்த வெட்டே மேல்மண்ணைக் குலைத்து அளவீட்டை உயர்த்தியிருக்கக்கூடும். ஆகையால் நீர் இறங்கும் வேகத்தை மேற்பரப்பில் அளப்பதைவிட, மழையின்போது மண்ணுக்குள் அழுத்தம் மாறுவதை நேரடியாகப் பதிவு செய்வதே இக்கேள்விக்கு ஏற்றது என்ற முடிவுக்கு வந்தேன்.”

உண்மையான விண்ணப்பம் ஆங்கிலத்தில் எழுதப்படும். வேறுபாட்டைக் காட்ட இங்கே தமிழில் எழுதினேன். முதல் விதத்தை எவரும் எழுதலாம். இரண்டாவதை அந்தச் சாய்வில் நின்றவர் மட்டுமே எழுத முடியும். அதில் பெருமை பேசும் சொல் ஒன்றும் இல்லை. ஆனால் முறையின் எல்லை எங்கே இருக்கிறது என்று எழுதியவருக்குத் தெரியும் என்பதும், அந்த எல்லையிலிருந்தே புதிய ஆய்வின் முறை பிறந்தது என்பதும் தெரிகின்றன. ஆய்வு அனுபவம் என்று மேற்பார்வையாளர்கள் மதிப்பது பெரும்பாலும் இதைத்தான். பலருக்கு இது தலைகீழாகத் தோன்றும். குறையைச் சொன்னால் மதிப்புக் குறையும் என்று நினைத்து, தங்கள் கூற்றின் மிக வலுவான பகுதியையே அழித்துவிடுகிறார்கள்.

பட்டம் முடிந்தபின் ஒரு களவேலையில் உதவியாளராக இருந்து டென்சியோமீட்டர்களைப் பராமரித்திருந்தால் அதுவும் இங்கே வரலாம். நுனியில் நுண்துளைக் களிமண் கிண்ணம் பொருத்திய, நீர் நிரப்பிய குழாயை மண்ணில் செருகி, மண்ணின் ஈர இழுவையை அளக்கும் கருவி அது. வரட்சியான மாதங்களில் இழுவை அதிகமாகி, குழாயில் வளிக்குமிழிகள் தோன்றி அளவீடு நின்றுபோகும். ஆள் போய் மீண்டும் நீர் நிரப்ப வேண்டும். இதைச் செய்து பழகியவர் என்பது ஒரு வாக்கியத்துக்குரிய செய்தி. களவேலைக்கு யார் போவார், தரவு இடையில் அறுந்தால் யார் கவனிப்பார் என்று மேற்பார்வையாளர் கவலைப்படும் இடத்தில் அந்த வாக்கியம் பதிலாக நிற்கும்.

இனி இல்லாத பயிற்சி. துளைநீரழுத்தத்தை அளந்தால் மட்டும் போதாது. கானின் பங்கையும் வேரின் பங்கையும் பிரிக்க, கணினியில் ஒரு சாய்வு மாதிரியை அமைத்து, கானை மட்டும் மாற்றி, பின் வேரை மட்டும் மாற்றிப் பார்க்க வேண்டும். நம் மாணவிக்கு அந்த மாதிரியாக்கம் தெரியாது. இதை மறைத்தால் கேள்வியைப் படித்தவுடனேயே இடைவெளி வெளிப்பட்டுவிடும். கெஞ்சும் தொனியில் ஒப்புக்கொள்வதும் உதவாது. “நீரோட்ட மாதிரியாக்கத்தில் எனக்கு முறையான பயிற்சி இல்லை, கணித அடிப்படையாகப் பகுதி வகையீட்டுச் சமன்பாடுகளை இரண்டாம் ஆண்டில் கற்றிருக்கிறேன், முதலாம் ஆண்டில் இதைக் கற்றுக்கொள்வதே என் முதல் தேவை” என்று நேராக எழுதினால், அந்த இடைவெளி அடுத்த பகுதிக்குப் பாலமாகிவிடுகிறது. அதைக் கற்பிக்கக்கூடிய இடம் எது என்பதுதானே பொருத்தம்.

மீளப் பார்த்தால்: பயிற்சிப் பகுதி கேள்வியின் உறுப்புகளைத் தொட்டுச் செல்ல வேண்டும், செய்ததை மட்டும் சொல்லாமல் அதிலிருந்து எட்டிய முடிவையும் சொல்ல வேண்டும், இல்லாத திறன் ஒன்று இருந்தால் அதற்குப் பெயரிட வேண்டும்.

பொருத்தம்: ஆய்வுகூடத்தைப் படிப்பது

பொருத்தம் என்ற சொல்லைப் பலர் புகழ்ச்சி என்று புரிந்துகொள்கிறார்கள். “உலகப் புகழ்பெற்ற உங்கள் ஆய்வுகூடத்தில் இணைவது என் நீண்டநாள் கனவு” என்ற வாக்கியத்தில் பேராசிரியரின் பெயரை மாற்றிப் போட்டாலும் ஒன்றும் கெடாது. பெயரை மாற்றினால் பொய்யாகிவிடும் வாக்கியமே பொருத்தத்தைச் சொல்லும் வாக்கியம்.

அப்படி எழுத, ஆய்வுகூடத்தைப் படிக்க வேண்டும். அதன் கடந்த நான்கைந்து ஆண்டுக் கட்டுரைகளை எடுத்துக்கொள்ளுங்கள். பழைய புகழ்பெற்ற கட்டுரையைவிட, இப்போது அங்கே என்ன நடக்கிறது என்பதே முக்கியம். பல விஞ்ஞானத் துறைகளில் ஆசிரியர் பெயர் வரிசையில் முதலில் நிற்பவர் பெரும்பாலும் வேலையைச் செய்த மாணவர் அல்லது இளம் ஆய்வாளர், கடைசியில் நிற்பவர் ஆய்வுகூடத் தலைவர். ஆகவே முதற்பெயர்களைத் தொகுத்துப் பார்த்தால், அங்கே மாணவர்கள் எந்த அளவான கேள்விகளை எடுத்துக்கொள்கிறார்கள் என்பது புலப்படும். ஒவ்வொரு கட்டுரையின் கலந்துரையாடல் பகுதியிலும், தீர்க்கப்படாமல் விட்டது எது என்று எழுதியிருப்பார்கள். முறைகள் பகுதியில் என்ன கருவி, என்ன மாதிரி பயன்பட்டது என்று இருக்கும். கடைசியாக வரும் நன்றிக் குறிப்பில் மானியத்தின் பெயர் இருக்கும். அந்தத் திட்டத்தின் நோக்கம் பெரும்பாலும் நிதி அமைப்பின் தளத்தில் பகிரங்கமாகவே கிடைக்கும். புதிய மாணவர்களை இந்த ஆண்டு எடுக்கிறாரா என்பதைப் பேராசிரியர்கள் சிலர் தம் பக்கத்திலேயே எழுதிவைப்பார்கள். இதைப் பார்க்காமல் கூற்று முழுவதையும் எழுதி முடித்தவர்களும் உண்டு.

நம் மாணவி படித்த ஆய்வுகூடம், மழை மிகுந்த வேறொரு மலைநாட்டில், இயற்கைக் காட்டுச் சாய்வுகளிலும் வீதிக்காக வெட்டிய சாய்வுகளிலும் மண்ணின் ஈர இழுவையைத் தொடர்ந்து பதிவு செய்து, கணினி மாதிரியோடு ஒப்பிட்டு வருகிறது என்று கொள்வோம். அப்போது அவர் இப்படி எழுதலாம்: “காட்டுச் சாய்வையும் வீதிச் சாய்வையும் பற்றிய உங்கள் அண்மைக் கட்டுரைகள் இரண்டிலும், மேற்பரப்பு நீர் சாய்வெங்கும் ஒரே சீராக உள்ளே இறங்குவதாகவே மாதிரியில் வைக்கப்பட்டுள்ளது. தேயிலைச் சாய்வில் கான்கள் இருப்பதால் நீர் இறங்கும் இடம் கோடு கோடாக அமைகிறது. உங்கள் ஆய்வுகூடத்தின் மாதிரியில் இந்த அமைப்பை மாற்றி, இரண்டு மலைகளில் பெறும் அளவீடுகளால் அதைச் சோதிக்க விரும்புகிறேன்.”

ஆய்வுகூடத்திடம் இருப்பது மாதிரியும் நீண்ட அனுபவமும். மாணவியிடம் இருப்பது தோட்டத்துச் சாய்வு பற்றிய அறிவும் களத்தை அணுகும் வசதியும். இருவரிடமும் இல்லாதது, கான்களோடு கூடிய சாய்வுக்கான பதில். பொருத்தம் அந்த மூன்றாவதில் இருக்கிறது. ஆய்வுகூடம் ஏற்கெனவே முடித்ததையே திரும்பச் செய்ய முன்வந்தால் கற்க ஆர்வம் இருக்கிறது என்பது மட்டும் தெரியும், கேள்வி இருப்பது தெரியாது. ஆய்வுகூடத்தில் இல்லாத கருவியை நம்பிய திட்டத்தை முன்வைத்தால் அது இன்னும் சிக்கல். உதாரணமாக, வேர்களின் இழுவைப் பலத்தைச் சோதிக்கும் ஏற்பாடு இல்லாத இடத்தில் வேர்களையே ஆய்வின் மையமாக்கினால், ‘நல்ல கேள்விதான், ஆனால் இங்கே இல்லை’ என்ற பதிலே வரும்.

கூற்றுக்கு முன் ஒரு சிறு மின்னஞ்சல் அனுப்பலாமா என்று கேட்பார்கள். அமெரிக்காவுக்கு வெளியே பெரும்பாலும் அனுப்பத்தான் வேண்டும். அமெரிக்காவில் துறைக்குத் துறை வழக்கம் வேறுபடும். மேலே காட்டிய கேள்வி வாக்கியமும் பொருத்த வாக்கியங்களும் அந்த மின்னஞ்சலின் பெரும்பகுதி. பதில் வந்தால், அதில் பேராசிரியர் கேட்கும் முதல் ஐயத்துக்குக் கூற்றிலேயே விடை எழுதிவிட வேண்டும்.

வாழ்க்கைக் கதை எங்கே?

கலிபோர்னியாப் பல்கலைக்கழகம் போன்ற சில இடங்கள் வாழ்க்கைப் பின்னணிக்கெனத் தனிக் கூற்று ஒன்றைக் கேட்கின்றன; குடும்பச் சூழலும் கடந்து வந்த தடைகளும் அங்கே முழுமையாக எழுதப்படலாம். ஆய்வுக் கூற்றில் பின்னணிக்கு இடம் உண்டு, ஆனால் அது சான்றாக வர வேண்டும். “நான் தோட்டத்தில் வளர்ந்தவள்” என்பது தகவல் மட்டுமே. “எங்கள் தோட்டத்தில் எந்தெந்த மலைகளில் கான் வேலை எந்த ஆண்டுகளில் நின்றது என்பதை ஓய்வுபெற்ற கங்காணிகளிடம் கேட்டு வரைபடமாக்க முடியும், இதற்கான மொழியும் அறிமுகமும் எனக்கு உண்டு” என்பது ஆய்வு முறையின் ஒரு பகுதி. பராமரிப்பு நின்ற காலம் தெரியாமல் இரண்டு மலைகளை ஒப்பிட முடியாது. தோட்டப் பதிவேடுகளில் அது எப்போதும் இருக்காது. பின்னணி இவ்விதம் கேள்விக்குள் நுழையும்போது, எவருடைய அனுதாபத்தையும் அது கோருவதில்லை.

இன்னோர் ஆய்வுகூடத்துக்கு எழுதும்போது

ஒரே கூற்றின் கடைசிப் பத்தியை மட்டும் மாற்றிப் பல இடங்களுக்கு அனுப்புவது பரவலான வழக்கம். அது ஏன் பலிப்பதில்லை என்பதை நம் மாணவியின் இரண்டாவது விண்ணப்பத்தில் பார்க்கலாம். இந்த ஆய்வுகூடம் செய்மதிப் படங்களிலிருந்து நில அசைவை அளப்பது. நிலத்தில் கருவி புதைப்பதில்லை. துளைநீரழுத்தத்தைப் பற்றிய பழைய கேள்வியை இங்கே அனுப்பினால், கடைசிப் பத்தி எவ்வளவு இணக்கமாக இருந்தாலும் முதல் பக்கம் வேறோர் இடத்துக்கு எழுதியதாகவே தெரியும்.

புதிர் அதேதான்: ஒரே மழையில் ஒரு மலை நிற்கிறது, ஒரு மலை இறங்குகிறது. ஆனால் கேள்வி இப்போது இப்படி அமையும்: “பராமரிப்பு நின்ற தேயிலை மலைகளைச் செய்மதிப் படங்களில் தாவர வளர்ச்சியைக் கொண்டு பிரித்தறிய முடியுமா; அவ்வாறு அறியப்படும் மலைகள், மழைப் பருவத்தில் பராமரிக்கப்படும் மலைகளைவிட அதிகமாக நகர்கின்றனவா?” இங்கே நீர் மண்ணுக்குள் என்ன செய்கிறது என்பதை அளக்க முடியாது, அதற்குப் பதிலாக இரண்டு மலைகளுக்கு மாறாக நூற்றுக்கணக்கான மலைகளைப் பார்க்க முடியும். அடர்ந்த தாவரம் செய்மதி அளவீட்டைக் குழப்பும் என்பதையும், கைவிடப்பட்ட மலைகளிலேயே தாவரம் அடர்ந்திருக்கும் என்பதையும் மாணவி தாமே எழுதிவிட வேண்டும்; எழுதாவிட்டால் படிப்பவர் முதல் நிமிடத்தில் கேட்பார்.

பயிற்சிப் பகுதியின் வரிசையும் மாறுகிறது. இரட்டை வளைய அளவீடு ஒரு வாக்கியமாகச் சுருங்கும். கங்காணிகளிடம் கேட்டு மலைகளின் பராமரிப்பு வரலாற்றை வரைபடமாக்கும் திறன் முன்னுக்கு வரும். ஏனென்றால் செய்மதிப் படத்தில் பிரித்தறிந்தது சரியா என்று சரிபார்க்க அந்த வரைபடமே வேண்டும். டென்சியோமீட்டரைப் பற்றிய வாக்கியம் வெளியேறுகிறது. இல்லாத பயிற்சியாகச் சாய்வு மாதிரியாக்கம் இருந்த இடத்தில் படத்தரவுச் செயலாக்கம் வருகிறது; அதைக் கற்க அந்த ஆய்வுகூடத்தில் யார் செய்த, எந்த வேலை அடிப்படையாகும் என்பதைப் பொருத்தப் பகுதி சொல்ல வேண்டும். பழைய கூற்றிலிருந்து மாறாமல் தங்குவது புதிரைச் சொல்லும் பத்தி ஒன்றே.